குறைதீர்ப்பு நடைமுறையைத் திருத்தி எழுதுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணலி, மாதவரம், எண்ணூர் பக்கமுள்ள கிடங்குகளிலும் சிறு தொழிற்சாலைகளிலும் பணியாளர் பிரிவு ஆவணங்களைத் தமிழில் திருத்தித் தருவது பல ஆண்டுகளாக என் வேலை. குறைதீர்ப்பு நடைமுறையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மனிதவளப் பிரிவினரும் மேற்பார்வையாளர்களும் குறைதீர்க்கும் குழுவில் இருக்கும் தொழிலாளர்களும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் மணலியில் உள்ள ஒரு கன்டெய்னர் கிடங்கிலிருந்து வந்தவை. அதன் பெயர் இங்கே தேவையில்லை.

நடைமுறைதான் ஏற்கெனவே நோட்டீஸ் போர்டில் இருக்கிறதே, அதில் என்ன குறை?

அந்தக் கிடங்கின் நேர அலுவலக வாசலில் லேமினேட் செய்து ஒட்டியிருந்த தாளில் இப்படி இருந்தது: "தொழிலாளிக்குக் குறை ஏதேனும் இருப்பின் உரிய அலுவலரிடம் தெரிவிக்கலாம். குறை பரிசீலிக்கப்பட்டு விரைவில் தக்க நடவடிக்கை எடுக்கப்படும். திருப்தி இல்லாவிடில் மேலிடத்தில் முறையிடலாம்." மூன்று வாக்கியங்களிலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் 'உரிய அலுவலர்' யார், 'விரைவில்' என்பது எத்தனை நாள், 'மேலிடம்' எந்த அறை என்பதெல்லாம் அதில் இல்லை.

தேநீர் வேளையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் ஐந்து பேரிடம் கேட்டேன்: "இரண்டு மாதமாக இரவுப் படி சம்பளத்தில் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாளைப் படித்துவிட்டு யாரிடம் போவீர்கள்?" ஒருவர் ஷிப்ட் மேற்பார்வையாளர் என்றார். ஒருவர் நேர அலுவலகம் என்றார். இருவர் சங்கத்தில் சொல்வோம் என்றார்கள். ஐந்தாமவர், யாரிடமும் போகமாட்டேன், அடுத்த மாதச் சம்பளச் சீட்டைப் பார்ப்பேன் என்றார். ஒரே தாளைப் படித்து நான்கு விடைகள் வந்தன. திருத்த வேண்டிய இடம் எது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு கட்டத்திலும் கட்டாயம் என்னென்ன இருக்க வேண்டும்?

குறையை யார் வாங்கிக்கொள்வார், யார் முடிவு செய்வார், எந்த நாளிலிருந்து எண்ணி எத்தனை நாளுக்குள், அந்த நாள் கடந்தால் அடுத்து என்ன. இந்த நான்கும் ஒவ்வொரு கட்டத்திலும் இருந்தாக வேண்டும். நான் பார்த்த ஆவணங்களில் முதல் மூன்றும் அரைகுறையாகவாவது இருக்கும். நான்காவது பெரும்பாலும் இருக்கவே இருக்காது.

மணலிக் கிடங்குக்கு முதல் கட்டத்தை இப்படி எழுதினோம்: "குறையைச் சொல்லும் நாளில் உங்கள் ஷிப்டில் இருக்கும் மேற்பார்வையாளரிடம் வாயால் சொல்லலாம், எழுதியும் தரலாம். அவர் குறைப் பதிவேட்டில் பதிந்து, தேதி போட்ட சீட்டை அப்போதே உங்களிடம் தர வேண்டும். இந்தக் கட்டத்தில் முடிவு செய்பவர் அவரே. சீட்டின் தேதிக்கு அடுத்த வேலை நாளை முதல் நாளாக எண்ணி, 3 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான்காம் வேலை நாள் முதல் நீங்கள் நேராக இரண்டாம் கட்டத்துக்குப் போகலாம்." பழைய வாசகத்தைவிட நீளம்தான். ஆனால் படித்தவர் அடுத்து எழுந்து யாரிடம் நடக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

எத்தனை கட்டங்கள் வைப்பது நல்லது?

இருநூறு பேருக்குள் வேலை செய்யும் இடத்துக்கு மூன்று போதும்: ஷிப்ட் மேற்பார்வையாளர், செயல்பாட்டு மேலாளர், குறைதீர்க்கும் குழு. 1958ஆம் ஆண்டின் தொழில்துறை ஒழுங்கு நெறியோடு வந்த மாதிரி நடைமுறை இதைவிட நீளமானது. மேற்பார்வையாளருக்கு 48 மணி நேரம், துறைத் தலைவருக்கு 3 நாள், குழுவுக்கு 7 நாள், அதன்பின் நிர்வாகம், மறுபரிசீலனை, நடுவர் என்று அது போகும். பெரிய ஆலைகளை மனத்தில் வைத்து எழுதியது அது. சிறிய இடத்தில் அதை அப்படியே எடுத்து வைத்தால் இரண்டு கட்டங்களில் ஒரே ஆள் உட்கார்ந்திருப்பார். தான் மறுத்ததைத் தானே மேல்முறையீட்டில் விசாரிப்பார். வரைவு முடிந்ததும், முடிவு செய்பவர்களின் பதவிகளை மட்டும் தனித்தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரு பதவி இரண்டு முறை வந்தால் ஒரு கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

'பரிசீலிக்கப்படும்' என்று எழுதினால் என்ன தவறு? அலுவலகத் தமிழ் அப்படித்தானே இருக்கும்?

அந்தச் சொல்லில் ஆள் இல்லை. தமிழில் எழுவாயை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும். 'படும்' சேர்ந்துவிட்டால் எழுவாய் இல்லாததே கண்ணுக்குத் தெரியாது. அதனால் நான் திருத்தத் தொடங்கும்போது முதலில் ஆவணம் முழுவதும் 'படும்', 'பெறும்' என்று முடிகிற வினைகளுக்கு அடிக்கோடு போட்டுவிடுவேன். ஒவ்வொன்றுக்கும் 'யாரால்?' என்று கேட்டு, விடையாக வரும் பதவியை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைப்பேன். 'விசாரணை நடத்தப்பட்டு முடிவு அறிவிக்கப்படும்' என்றிருந்தது, 'செயல்பாட்டு மேலாளர் இரு தரப்பையும் கேட்டு, முடிவைக் காரணத்தோடு எழுதி உங்களிடம் தர வேண்டும்' என்று மாறியது.

விடை கிடைக்காத இடங்களும் வரும். அங்கே நிர்வாகத்தைக் கேட்டால், அவர்களே அதுவரை முடிவு செய்திருக்கவில்லை என்பது தெரியவரும். அந்த இடத்தை உங்கள் ஊகத்தால் நிரப்பாதீர்கள். மஞ்சள் வண்ணமிட்டுத் திருப்பி அனுப்புங்கள். இன்னொன்று: கடமையைச் சொல்லும் இடத்தில் 'வேண்டும்', உரிமையைச் சொல்லும் இடத்தில் 'லாம்'. 'மேலாளர் பதில் தரலாம்' என்று எழுதிவிட்டால் தராமலும் இருக்கலாம் என்றாகிவிடும்.

'மேலாளர்' என்று போட்டால் போதாதா? எல்லோருக்கும் அவரைத் தெரியுமே.

அந்தக் கிடங்கில் மேலாளர்கள் நான்கு பேர்: செயல்பாடு, சுங்க ஆவணம், பாதுகாப்பு, மனிதவளம். பத்தாண்டுகளாக இருக்கும் ஆளுக்குத் தெரியும். போன மாதம் சேர்ந்தவருக்குத் தெரியாது. முழுப் பதவிப் பெயரையே எழுதுங்கள். ஆளின் பெயரை எழுத வேண்டாம், அவர் மாறினால் தாளும் மாற வேண்டியிருக்கும். பதவியோடு, அவர் விடுப்பில் இருந்தால் அந்தப் பொறுப்பைப் பார்ப்பவர் யார் என்பதையும் சேருங்கள்.

முதல் வரைவில் நானே ஒரு தவறு செய்தேன். 'உங்கள் ஷிப்ட் மேற்பார்வையாளர்' என்று எழுதியிருந்தேன். அங்கே ஷிப்ட் வாரந்தோறும் மாறும். குறை நடந்த வாரத்தில் இருந்தவரா, இப்போது இருப்பவரா என்று ஒரு சுமை சரிபார்ப்பவர் கேட்டபோதுதான் உறைத்தது. 'குறையைச் சொல்லும் நாளில்' என்ற தொடர் அவர் கேள்வியால் வந்தது.

வேலை நாளா, நாள்காட்டி நாளா? எதை வைப்பது?

முதல் இரண்டு கட்டங்களுக்கு வேலை நாள், குழுவுக்கு நாள்காட்டி நாள் என்று வைக்கச் சொல்வேன். இரவுப் படி குறையையே எடுத்து, 2026 பொங்கலை ஒட்டி எண்ணிப் பார்ப்போம். ஜனவரி 12, திங்கட்கிழமை ஓட்டுநர் குறையைச் சொல்கிறார். சீட்டிலும் அதே தேதி. 3 நாள்காட்டி நாள் என்றால் கெடு 15ஆம் தேதி, பொங்கலன்று முடியும். அன்று பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். வேலை நாள் என்றால் 13 முதல் நாள், 14 இரண்டாம் நாள். 15, 16, 17 கிடங்கின் விடுமுறைப் பட்டியலில் இருக்கின்றன, 18 ஞாயிறு. மூன்றாம் நாள் 19, திங்கட்கிழமை. பதில் வராவிட்டால் 20ஆம் தேதி அவர் செயல்பாட்டு மேலாளரிடம் போகலாம்.

குழுவுக்கு வேலை நாள் வைக்காதீர்கள். சட்டம் சொல்வது 30 நாள். வாரம் ஆறு நாள் வேலை என்றால் 30 வேலை நாட்கள் குறைந்தது 35 நாட்களாகிவிடும், விடுமுறை வந்தால் இன்னும் நீளும். உங்கள் ஆவணம் சட்டத்தைத் தாண்டிய கெடுவைச் சொன்னதாகிவிடும்.

'வேலை நாள்' என்பதற்கும் விளக்கம் தேவை. கிடங்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓடும், வார விடுப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால் 'நிர்வாக அலுவலகம் திறந்திருக்கும் நாள்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டோம். இரவு 10 மணிக்குத் தொடங்கும் ஷிப்டில் நள்ளிரவு தாண்டி 1 மணிக்குக் குறையைச் சொன்னால் எந்தத் தேதி என்ற கேள்வியும் வந்தது. சீட்டில் உள்ள தேதியே கணக்கு என்று முடித்தோம். சீட்டு கையில் இருப்பதால் அதில் சண்டைக்கு இடமில்லை.

மனிதவளப் பிரிவில்தானே கொடுக்கிறோம், அப்படியானால் முடிவு செய்வது அவர்கள்தானே?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான். வாங்கிக்கொள்பவர் வேறு, முடிவு செய்பவர் வேறு. அந்தக் கிடங்கில் மனிதவள அலுவலரின் வேலை விண்ணப்பத்தை வாங்கி, சீட்டு கொடுத்து, குழுவைக் கூட்டுவது மட்டுமே. இதைச் சொல்லாததால் அவர் மறுத்துவிட்டார் என்றே தொழிலாளர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் அது சங்கடமாக இருந்தது. 'மனிதவள அலுவலர் விண்ணப்பத்தை வாங்கிப் பதிவார். முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை' என்று இரண்டு வாக்கியங்கள் சேர்த்தோம். இரண்டாவது வாக்கியம் தேவையா என்று நிர்வாகம் கேட்டது. இருக்கட்டும் என்று அந்த அலுவலரே சொன்னார்.

எங்கள் நடைமுறையில் குழுவுக்கு 45 நாள் என்று இருக்கிறது. சரிதானே?

அது பழைய கணக்கு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 2010ஆம் ஆண்டு திருத்தத்தால் வந்த பிரிவு குழுவுக்கு 45 நாள் தந்தது. குழுவில் அதிகபட்சம் 6 பேர். முடிவில் மனநிறைவு இல்லாவிட்டால் வேலையளிப்பவரிடமே மேல்முறையீடு. பல ஆவணங்களில் இன்னும் இதுதான் இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 20 பேர் அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள இடத்தில் குழு வேண்டும். அதிகபட்சம் 10 பேர், இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை. குழுவில் பெண்களின் விகிதம், அங்கே வேலை செய்யும் பெண்களின் விகிதத்தைவிடக் குறையக் கூடாது. தலைவர் பொறுப்பு ஆண்டுதோறும் இரு தரப்புக்கும் மாறி மாறி வர வேண்டும். ஆகவே 'மனிதவள மேலாளர் குழுத் தலைவராக இருப்பார்' என்று நிரந்தரமாக எழுதியிருந்தால் அதையும் மாற்றுங்கள். விண்ணப்பம் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் குழு தன் வேலையை முடிக்க வேண்டும்.

எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய மேல்முறையீட்டுப் பத்தியை அப்படியே விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இப்போது குழுவுக்குப் பின் வழி வெளியே போகிறது: தொழிலாளி தான் உறுப்பினராக உள்ள சங்கத்தின் மூலம் சமரச அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம்.

குழுவில் பெரும்பான்மை முடிவு என்று எழுதினால் போதுமா?

போதாது. மொத்தப் பெரும்பான்மையோடு, தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும் அந்த முடிவை ஏற்றிருக்க வேண்டும். 10 பேர் குழுவில் தொழிலாளர் தரப்பு 5 பேர். நிர்வாகத் தரப்பு ஐவரும் தொழிலாளர் தரப்பில் இருவரும் சேர்ந்தால் 7 பேர், பெரும்பான்மைதான். ஆனால் ஐவரில் இருவர் பாதிக்குக் குறைவு. அப்போது முடிவே எட்டப்படவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். மூன்றாமவரும் ஏற்றால்தான் அது முடிவு.

இந்த எடுத்துக்காட்டையே நடைமுறைக்குள் சேர்த்துவிடுங்கள். விதியை மட்டும் எழுதினால், கூட்டத்தின் கடைசியில் கை தூக்கச் சொல்லி எண்ணிவிட்டு எழுந்துபோய்விடுவார்கள்.

நாள் கடந்தும் யாரும் பதில் சொல்லவில்லை என்றால்?

முதல் கட்டத்துக்கான விடை மேலே உள்ள வாசகத்திலேயே இருக்கிறது. மற்றக் கட்டங்களுக்கும் அதே ஏற்பாடு: மௌனம் என்பது மறுப்பு, அடுத்த படிக்குக் கதவு திறந்துவிட்டது. இதை எழுதாவிட்டால் தொழிலாளி இன்னும் காத்திருக்கிறார் என்றும் குறை நிலுவையில் இருக்கிறது என்றும் ஆறு மாதம் ஓடிவிடும்.

அதே ஓட்டுநரைத் தொடர்வோம். 19ஆம் தேதிவரை முதல் கட்டப் பதில் இல்லை. ஜனவரி 20 அன்று செயல்பாட்டு மேலாளரிடம் எழுதித் தருகிறார். அவருக்கு 5 வேலை நாள்: 21 தொடங்கி 24 வரை நான்கு நாள், 25 ஞாயிறு, 26 குடியரசு தினம். ஐந்தாம் நாள் 27, செவ்வாய்க்கிழமை. அன்றும் பதில் இல்லை. 28 அன்று குழுவுக்கு விண்ணப்பம் தருகிறார். மறுநாளிலிருந்து எண்ணினால் குழுவின் 30ஆம் நாள் பிப்ரவரி 27. அதற்குள்ளும் தீரவில்லை என்றால், அன்றிலிருந்து 60 நாள், அதாவது ஏப்ரல் 28க்குள் சமரச அலுவலருக்கான விண்ணப்பம் போயிருக்க வேண்டும். குழு இடையில் முடிவு தந்து அது அவருக்கு ஏற்பில்லை என்றால், முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாள்.

இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. குறைக்குக் காரணமானது நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் குழுவுக்கு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். மேற்பார்வையாளரிடமும் மேலாளரிடமும் காத்திருந்த நாட்களை யாரும் இந்த ஓராண்டில் கழித்துத் தருவதில்லை. அதைத் தொழிலாளிக்குத் தெரியும்படி தனி வரியில் எழுதுங்கள்.

மேற்பார்வையாளர் மீதே குறை என்றால் அவரிடமே போய்ச் சொல்வதா?

இல்லை. 'குறை உங்கள் மேற்பார்வையாளரைப் பற்றியதானால் இரண்டாம் கட்டத்திலிருந்து தொடங்குங்கள்' என்ற வரியை முதல் கட்டத்தின் தொடக்கத்திலேயே வையுங்கள். கடைசிப் பக்க விதிவிலக்குகளில் வைத்தால், அவரிடம் போய் நின்ற பிறகுதான் அது கண்ணில் படும்.

பாலியல் துன்புறுத்தல் புகார் இந்தப் படிகளில் எதிலும் ஏறக் கூடாது. அதற்கு 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியான உள்ளகக் குழு இருக்கிறது. புகார் தர மூன்று மாதம் என்று அதற்குத் தனிக் கெடுவும் இருக்கிறது, தக்க காரணம் இருந்தால் குழு அதை மேலும் மூன்று மாதம் நீட்டலாம். அந்தக் குழுவில் யாரைப் பார்ப்பது என்பதை முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போடுங்கள்.

ஒப்பந்த ஆட்களுக்கும் இதே தாள்தானா?

இந்தப் பகுதிக் கிடங்குகளில் பாதிப் பேருக்கு மேல் ஒப்பந்தக்காரரின் ஆட்களாக இருக்கும் இடங்கள் உண்டு. ஒரே தாளில் எல்லோரையும் அடக்கினால் யாருக்கும் சரியாக இருக்காது. கூலி, பிடித்தம், விடுப்பு பற்றிய குறையை ஒப்பந்தக்காரரின் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். முடிவு செய்பவரும் அவர்தான். ஒப்பந்தக்காரர் கூலி தராமல் விட்டால் அதைத் தரும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருக்கு வரும். அதனால் பதில் வராதபோது கிடங்கில் யாரைப் பார்ப்பது என்ற வரியும் வேண்டும். குடிநீர், கழிப்பறை, உணவகம் பற்றிய குறையைக் கிடங்கே நேரடியாக வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வசதிகளுக்கு இப்போது முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பு.

தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே?

இந்தியிலும் ஒடியாவிலும் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். தமிழ் வாசகம் தெளிவான பிறகே அதைக் கொடுங்கள். மணலியில் பழைய தாளின் இந்திப் பெயர்ப்பில் 'மேலிடம்' தலைமை அலுவலகம் என்றாகியிருந்தது. இரண்டு பேர் மும்பைக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்தார்கள். பதவிப் பெயர்களை மட்டும் எல்லா மொழியிலும் ஒரே ஒலிப்பில் விட்டுவிடுங்கள். அறைக் கதவில் இருக்கும் பெயரும் தாளில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

திருத்தியதை நாங்களே ஒட்டிவிடலாமா?

முதலில், இந்த நடைமுறை உங்கள் சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வாசகத்தை நீங்களாக மாற்ற முடியாது, சான்றளிக்கும் அலுவலரிடம் முறைப்படி போக வேண்டும். சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில் இருந்தால் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். இரண்டும் இல்லை, நிர்வாகச் சுற்றறிக்கை மட்டும்தான் என்றால் மாற்றலாம். அப்போதும் குழுவின் இரு தரப்பும் படித்த பிறகே ஒட்டுங்கள். பழைய தாளைக் கழற்றிவிடுங்கள், இரண்டும் அருகருகே தொங்கினால் அவரவர் தமக்கு வசதியானதைக் காட்டுவார்கள். நடைமுறைக்கு வரும் தேதியையும், அதற்கு முன் தந்த குறைகள் எந்தக் கெடுவில் முடியும் என்பதையும் அடியில் எழுதுங்கள்.

ஒட்டுவதற்கு முன் அதே ஓட்டுநர்களிடம் வரைவைக் கொடுத்து அதே இரவுப் படிக் கேள்வியைத் திரும்பக் கேட்டேன். ஐந்து பேரும் ஷிப்ட் மேற்பார்வையாளர் என்றார்கள். பிறகு, "19ஆம் தேதி வரை பதில் இல்லை, என்ன செய்வீர்கள்?" என்றேன். நான்கு பேர் சரியாகச் சொன்னார்கள். அடுத்த மாதச் சம்பளச் சீட்டைப் பார்ப்பேன் என்று முன்பு சொன்னவர், சீட்டு தொலைந்துபோனால் என்ன செய்வது என்று கேட்டார். அது எங்கள் வரைவில் இல்லை. 'சீட்டு தொலைந்தால் பதிவேட்டில் உள்ள தேதியே செல்லும். பதிவேட்டைப் பார்க்க நீங்கள் கேட்கலாம்' என்று சேர்த்த பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தோம்.